பாஸ்புக் போட்டோவை அட்டவணையாக்கும்போது இருப்பு ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கில் ஒரு பக்கம். போன் கேமராவில் எடுத்த போட்டோதான் கையில் இருக்கிறது. அதைத் தேதி, வரவு, பற்று, வட்டி, இருப்பு என்று ஷீட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றுவது அரை மணி நேர வேலைதான். ஏற்றிய ஒவ்வொரு எண்ணும் பக்கத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று உறுதி செய்வதில்தான் பலர் வழுக்குகிறார்கள். கடைசி இருப்பு சரியாக வந்துவிட்டால் எல்லாமே சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு தவறுகள் நடுவில் இருந்தாலும் கடைசி இருப்பு சரியாகவே வரும்.

பாஸ்புக்கில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒவ்வொரு வரியிலும் தொகையும் இருக்கிறது, அதற்குப் பிறகான இருப்பும் இருக்கிறது. ஒரே செய்தி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தொகையைத் தவறாகப் படித்தால் இருப்பு காட்டிக்கொடுக்கும். இருப்பைத் தவறாகப் படித்தால் அடுத்த வரி காட்டிக்கொடுக்கும். ஆகவே இருப்பை ஃபார்முலாவால் வரவழைக்காதீர்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே தட்டச்சு செய்யுங்கள். அதைக் கணக்கிட்டு நிரப்பிவிட்டால் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

அட்டவணையின் அமைப்பு

நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது: A வரி எண், B தேதி, C விவரம், D வரவு, E பற்று, F வட்டி, G பக்கத்தில் உள்ள இருப்பு, H வித்தியாசம், I குறிப்பு. ஷீட்டின் முதல் வரிசை தலைப்பு. இரண்டாவதில் முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருப்பு. மூன்றாவதிலிருந்து பதிவுகள். H3 செல்லில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(G2+D3+F3-E3-G3,2)
```

முந்தைய இருப்போடு வரவையும் வட்டியையும் கூட்டி, பற்றைக் கழித்தால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். வந்தால் H பூஜ்யம். ROUND எதற்கு என்றால், பைசா உள்ள எண்களைக் கூட்டிக் கழிக்கும்போது ஷீட் சில சமயம் 0.0000000001 மாதிரி ஒரு துணுக்கை மிச்சம் வைக்கும். அது பிழை போலத் தெரியும், ஆனால் பிழை அல்ல.

இந்த ஃபார்முலா ஒவ்வொரு வரியையும் அதற்கு மேலே எழுதியிருக்கும் இருப்போடு மட்டும் ஒப்பிடுகிறது. தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் ஒரு தவறு கீழே உள்ள எல்லா வரிகளிலும் பரவி, எங்கே தொடங்கியது என்பதே மறைந்துவிடும். இந்த முறையில் தவறு நடந்த இடத்தில் மட்டும் H பூஜ்யம் அல்லாமல் நிற்கும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கையெழுத்துப் பதிவுகள், ஒரு ஊதா முத்திரை, எட்டு வரிகள். முதல் முறை ஏற்றியதும் ஷீட் இப்படி நின்றது:

| வரி | தேதி | விவரம் | வரவு | பற்று | வட்டி | இருப்பு | வித்தியாசம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 31-03-2018 | முன்பக்க இருப்பு | | | | 12,480 | |
| 2 | 09-04-2018 | ரொக்கம் | 1,500 | | | 13,980 | 0 |
| 3 | 14-05-2018 | எடுத்தது | | 4,000 | | 9,930 | 50 |
| 4 | 11-06-2018 | ரொக்கம் | 1,500 | | | 11,480 | -50 |
| 5 | 16-07-2018 | ரொக்கம் | 2,710 | | | 13,650 | 540 |
| 6 | 30-09-2018 | வட்டி | | | 242 | 13,892 | 0 |
| 7 | 10-10-2018 | எடுத்தது | 3,000 | | | 10,892 | 6,000 |
| 8 | 14-11-2018 | ரொக்கம் | 1,500 | | | 12,392 | 0 |

நான்கு வரிகளில் பூஜ்யம் இல்லை. ஆனால் தவறுகள் மூன்றுதான். ஒவ்வொன்றும் வேறு வகை. வித்தியாசத்தின் முகத்தைப் பார்த்தே எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

அறிகுறி: அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே தொகை, ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல்

3ஆம் வரியில் 50, 4ஆம் வரியில் -50. இப்படி ஜோடியாக வந்தால் தொகைகளை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வரிகளுக்கும் பொதுவானது அவற்றில் மேலே உள்ள வரியின் இருப்பு ஒன்றுதான். அதைத்தான் தவறாகப் படித்திருக்கிறீர்கள். படித்த இருப்பு 50 குறைவாக இருப்பதால் 3ஆம் வரியில் 50 மிஞ்சுகிறது, அதே 50 அடுத்த வரியில் குறைகிறது.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 9,930 என்று படித்தது 9,980. எட்டின் இடது வளைவு சரியாக மூடவில்லை, அதனால் மூன்று போலத் தெரிந்தது. வித்தியாசத்தில் பூஜ்யம் அல்லாத இலக்கம் ஒன்றே ஒன்று இருந்தால், அநேகமாக ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றிப் படித்திருக்கிறீர்கள். 5 வந்தால் 3-ஐயும் 8-ஐயும் பாருங்கள், அல்லது 4-ஐயும் 9-ஐயும். 6 வந்தால் 1-ஐயும் 7-ஐயும், அல்லது 0-வையும் 6-ஐயும். எந்த இடம் என்பதையும் வித்தியாசமே சொல்லிவிடுகிறது: 50 என்றால் பத்தாம் இடம், 500 என்றால் நூறாம் இடம்.

பக்கத்தின் கடைசி வரி மட்டும் இந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். அதற்கு அடுத்த வரி இந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதியிருக்கும் கொண்டுவந்த இருப்பையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பக்கம் மாறும்போது எழுதுபவரே எண்ணை மாற்றி எழுதிவிடுவதும் உண்டு.

அறிகுறி: ஒரே வரியில் வித்தியாசம், அதன் பிறகு எல்லாம் சரி

5ஆம் வரியும் 7ஆம் வரியும் இந்த வகை. இருப்பு சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் அடுத்த வரியும் உடைந்திருக்கும். ஆகவே கோளாறு தொகையில் இருக்கிறது, அல்லது ஒரு வரியே விட்டுப்போயிருக்கிறது.

முதலில் வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 7ஆம் வரியில் 6,000. பாதி 3,000, அந்த வரியின் தொகை அதேதான். வித்தியாசம் தொகையின் இரண்டு மடங்காக இருந்தால் கட்டம் மாறிவிட்டது. எடுத்த பணம் வரவில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் பார்த்தால் 3,000 என்பது பற்றுக் கட்டத்தின் கோட்டை ஒட்டி இடப்புறம் சாய்ந்து எழுதப்பட்டிருந்தது. போட்டோவிலிருந்து எழுத்தைத் தானாக எடுக்கும் செயலிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும். காலியாக உள்ள கட்டத்தை அவை விட்டுவிடும், தொகை பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்துவிடும். அப்போது தொகை எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்பதை நம்பாதீர்கள். இருப்பு ஏறியிருந்தால் வரவு, இறங்கியிருந்தால் பற்று.

இரண்டால் வகுத்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒன்பதால் வகுங்கள். 5ஆம் வரியின் 540 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வரும். இங்கே 540-ஐ 90-ஆல் வகுத்தால் 6. நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடைவெளி 6 என்று பொருள். 2,710-இல் 7-க்கும் 1-க்கும் இடைவெளி 6. பக்கத்தில் இருப்பது 2,170. இது கண்ணின் தவறு அல்ல, விரலின் தவறு. படித்தது சரி, தட்டும்போது மாறிவிட்டது.

ஒன்பதால் வகுபடுவதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏதோ ஒரு எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒன்று அப்படி வகுபடத்தான் செய்யும். 4,500 ரூபாய் வரவு ஒன்று விட்டுப்போயிருந்தாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்குதான். எங்கே பார்ப்பது என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவே. திருத்தும் முன் பக்கத்தில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

மூன்றையும் திருத்தியதும் H முழுவதும் பூஜ்யம். கடைசியாக மொத்தத்தையும் ஒருமுறை ஒட்டிப் பார்க்கலாம்: தொடக்கம் 12,480, வரவு 6,670, வட்டி 242, பற்று 7,000. கூட்டிக் கழித்தால் 12,392. கடைசி வரியின் இருப்பும் அதுவே.

அறிகுறி: வித்தியாசம் உங்களுக்குப் பழக்கமான ஒரு தொகை

இதே பக்கத்தில் 4ஆம் வரியையே பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 5ஆம் வரியில் வித்தியாசம் -1,500 என்று வந்திருக்கும். கணக்கு வைத்திருப்பவர் வழக்கமாகக் கட்டும் தொகையே வித்தியாசமாக நின்றால் அது பெரும்பாலும் விட்டுப்போன வரி. குறி கழித்தலாக இருந்தால் விட்டது வரவு. கூட்டலாக இருந்தால் விட்டது பற்று.

இப்படி விட்டுப்போகும் வரிகளுக்குச் சில இடங்கள் உண்டு. நடுத் தையலை ஒட்டிய வரி, முத்திரைக்கு அடியில் போன வரி, பக்கத்தின் கடைசியில் நெருக்கி எழுதிய வரி. தையல் மடிப்புக்காகப் பாஸ்புக்கை முழுதாக விரித்து, மடிப்பை விரலால் அழுத்திக்கொண்டு, அந்தப் பாதியை மட்டும் தனியாக இன்னொரு போட்டோ எடுங்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள், அதன் பளபளப்பு ஒரு வரியையே வெள்ளையாக்கிவிடும். போனில் உள்ள கருப்பு-வெள்ளை ஸ்கேன் முறையையும் முத்திரை உள்ள பக்கத்துக்குத் தவிர்ப்பது நல்லது. வண்ணப் படத்தில் ஊதா முத்திரையையும் நீல மையையும் கண் பிரித்துப் பார்த்துவிடும். கருப்பு-வெள்ளையில் இரண்டும் ஒரே கறுப்பாகிவிடும்.

அறிகுறி: எண் திடீரென்று பூதாகரமாக இருக்கிறது

ரூபாய்க்கும் பைசாவுக்கும் தனித்தனிக் கட்டம் உள்ள பழைய பாஸ்புக்குகளில் இது வரும். 1,250 என்பது ஒரு கட்டத்தில், 50 என்பது அடுத்த கட்டத்தில். நடுவே புள்ளி கிடையாது, மெல்லிய கோடுதான். சேர்த்துப் படித்தால் 125050. வித்தியாசம் அசல் தொகையைப் போல 99 மடங்கு வரும். ஆகவே 99-ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் ஈவுதான் சரியான தொகை. அதேபோல் 500/- என்று எழுதிய சாய்கோடு ஒன்றாக மாறி 5001 என்று ஏறியிருக்கலாம். சரி, இதைக் கண்டுபிடிக்க வகுத்தல் எதுவும் வேண்டாம், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அறிகுறி: தொகை எல்லாம் சரி, தேதி மட்டும் முன்னும் பின்னும் குதிக்கிறது

தேதிப் பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்கின்றனவா? ஷீட் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. 09/04/2018 என்று தட்டினால் அதை செப்டம்பர் 4 என்று எடுத்துக்கொள்ளும். 14/05/2018-க்கு அதனிடம் பதினான்காம் மாதம் இல்லை, அதனால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். எழுத்தாக நிற்பதைவிட, சத்தமில்லாமல் செப்டம்பர் ஆகிவிட்டதுதான் ஆபத்து. ஷீட்டின் அமைப்பை மாற்றலாம். அதைவிடப் பாதுகாப்பானது 2018-04-09 என்று ஆண்டை முதலில் வைத்துத் தட்டுவது. எந்த அமைப்பிலும் அது ஏப்ரல் 9-தான்.

அப்புறம் கிழமையையும் பாருங்கள். தனியாக ஒரு பத்தியில் இதைப் போட்டால் ஞாயிறு 1 என்று வரும்:

```
=WEEKDAY(B3)
```

ரொக்கம் கட்டிய வரி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் தேதியைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம். வட்டி வரிக்கு இது பொருந்தாது. நம் பக்கத்தில் 30-09-2018 ஞாயிறுதான். அரையாண்டு முடிவுத் தேதி என்பதால் அன்று வட்டி எழுதப்பட்டிருக்கிறது, யாரும் கவுன்டருக்குப் போகவில்லை.

வட்டி வரி வேறொரு குழப்பத்தையும் உண்டாக்கும். வேறு சில பக்கங்களில், பாஸ்புக்கை அக்டோபரில் கொண்டுபோய்ப் பணம் எடுத்துவிட்டு வந்திருப்பார்கள். வட்டியை அதற்குப் பிறகு, நவம்பரில் போனபோது, செப்டம்பர் தேதியிட்டு எழுதியிருப்பார்கள். தேதி பின்னால் போனதுபோல் தெரியும், ஆனால் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. இருப்புச் சங்கிலி எழுதிய வரிசையில்தான் ஓடும், தேதி வரிசையில் அல்ல. நான் ஒருமுறை சரிபார்ப்பதற்கு முன்பே தேதி வாரியாக வரிசைப்படுத்திவிட்டு, எல்லாம் உடைந்து நின்றதைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் தொகைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். A பத்தியில் வரி எண் இருந்தால் பழைய வரிசைக்கு உடனே திரும்பலாம். வரிசைப்படுத்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நகல் ஷீட்டில்.

அறிகுறி: வட்டித் தொகை முத்திரைக்கு அடியில் போய்விட்டது

நம் பக்கத்தின் 6ஆம் வரியில் நடந்தது இதுதான். வட்டிக் கட்டத்தில் 2, அப்புறம் ஊதா மை, அப்புறம் 2. நடு இலக்கம் தெரியவில்லை. இருப்பு 13,892 என்று தெளிவாக இருக்கிறது, முந்தைய இருப்பு 13,650. கழித்தால் 242. நிரப்பிவிடலாம்.

ஆனால் நிரப்பிய பிறகு H பூஜ்யம் காட்டுவதில் எந்த அர்த்தமும் இல்லை. பூஜ்யம் வரும்படித்தானே அந்த எண்ணைக் கண்டுபிடித்தோம். அந்தச் செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, குறிப்பில் "இருப்பிலிருந்து பெற்றது" என்று எழுதுங்கள். பக்கத்தில் படித்த எண்ணும் நாம் வருவித்த எண்ணும் ஒன்றுபோலத் தெரியக் கூடாது. அதன் பிறகு வேறொரு வழியில் அதைச் சோதியுங்கள். வட்டிக்கு அந்த வழி இருக்கிறது: நாமே போட்டுப் பார்ப்பது.

சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட இரண்டு முறைகள் புழக்கத்தில் உண்டு. பழைய முறையில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டும் வட்டி. இந்திய வங்கிகள் 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு மாறின. சங்கத்தில் எது என்பதை அதன் துணைவிதி சொல்லும். தெரியாவிட்டால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்குக்கு ஆண்டு வட்டி 4 சதவீதம். பழைய முறையில் ஏப்ரலுக்கு 13,980. மே மாதம் 14ஆம் தேதி பணம் எடுத்ததால் 9,980. ஜூனில் 11ஆம் தேதிதான் பணம் கட்டினார், 10ஆம் தேதி தாண்டிவிட்டது, அதனால் மறுபடி 9,980. ஜூலையிலும் 16ஆம் தேதி கட்டியது சேராது, 11,480. ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் 13,650. ஆறையும் கூட்டினால் 72,720. நான்கால் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் 242.40. முழு ரூபாயாக்கினால் 242.

தினசரி முறையில் ஒவ்வொரு இருப்பையும் அது நின்ற நாட்களால் பெருக்கி, 183 நாட்களுக்கும் கூட்டினால் 23,21,430. நான்கால் பெருக்கி 36500-ஆல் வகுத்தால் 254.40. முத்திரைக்கு இரண்டு பக்கமும் தெரியும் 2-க்கும் 2-க்கும் இது பொருந்தவில்லை. ஆக, சங்கம் மாதக் குறைந்த இருப்பு முறையில் போட்டிருக்கிறது, நிரப்பிய 242 சரி. இந்த ஒப்பீட்டுக்குப் பிறகுதான் மஞ்சளை எடுக்கலாம். குறிப்பை மட்டும் விட்டுவையுங்கள்.

ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் முழு ரூபாயாக்கும் முறை காரணமாக இருக்கலாம். மாதத்துக்கு மாதம் முழுதாக்கினார்களா, கடைசியில் ஒரே தடவையா என்பதைப் பொறுத்து மாறும். அரையாண்டு நடுவே வட்டி விகிதம் மாறியிருந்தால் இரண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும்.

அறிகுறி: எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்தாயிற்று, இன்னும் ஒட்டவில்லை

தொகையும் தெளிவு, இருப்பும் தெளிவு, விட்டுப்போன வரியும் இல்லை, ஆனாலும் ஒரு வரி உடைந்தே நிற்கிறது. அப்படியானால் பாஸ்புக்கிலேயே கூட்டல் பிழை இருக்கலாம். கையால் எழுதிய பாஸ்புக்கில் இது நடக்கக்கூடியதுதான். அடுத்த வரி அந்தத் தவறான இருப்பிலிருந்தே தொடர்ந்திருக்கும், அதனால் கீழே எல்லாம் பூஜ்யமாக இருக்கும். சில வரிகள் தள்ளிக் காரணம் புரியாத சிறு தொகை வரவாகவோ பற்றாகவோ இருந்தால் அதை இந்த வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். பின்னால் கண்டுபிடித்துத் திருத்திய பதிவாக இருக்கலாம். அடித்து எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்ட இடங்களில் புதிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

திருத்தப் பதிவு எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அட்டவணையில் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். எண்கள் பக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும், வித்தியாசமும் H பத்தியில் அப்படியே தெரியட்டும். குறிப்பில் "பக்கத்தில் உள்ளபடி, 100 குறைகிறது" என்று எழுதினால் போதும். அந்த வரி எண்ணையும் தேதியையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய், அவர்களுடைய பேரேட்டில் உங்கள் கணக்கின் பக்கத்தில் அதே தேதிப் பதிவை ஒப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். வரவு வரியாக இருந்தால் அன்று பணம் கட்டிய ரசீதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.